அடிக்கணக்குக்கும் தூக்கக்கணக்குக்கும் எது ஏற்றது: ஃபிட்னஸ் பேண்டா, ஸ்மார்ட்வாட்சா?

கேள்வி: மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். வயது 66. தினமும் எத்தனை அடி நடக்கிறேன், ராத்திரி எவ்வளவு நேரம் தூங்குகிறேன், இந்த இரண்டும் தெரிந்தால் எனக்குப் போதும். மகன் ஸ்மார்ட்வாட்ச் வாங்கித் தருகிறேன் என்கிறான். கூட நடக்க வரும் நண்பர் ஃபிட்னஸ் பேண்டே போதும் என்கிறார். என்னிடம் இருப்பது ஆண்ட்ராய்டு போன். ராத்திரி இரண்டு தடவையாவது எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்:

ஐயா, ஃபிட்னஸ் பேண்டையே வாங்குங்கள். அடிகளை எண்ணுவதற்கும் தூக்கத்தைக் கணிப்பதற்கும் பேண்டிலும் ஸ்மார்ட்வாட்சிலும் ஏறத்தாழ ஒரே வகைச் சென்சார்கள்தாம் இருக்கின்றன. விலை ஐந்து மடங்கு கூடினாலும் அந்த இரண்டு கணக்குகளின் துல்லியம் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. கருவி இரவும் பகலும் கழற்றப்படாமல் கையிலேயே இருக்கிறதா என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. அந்த ஒரு விஷயத்தில் பேண்ட் தெளிவாக முன்னால் நிற்கிறது. ஆயினும் மகன் சொல்வதே சரி என்று ஆகக்கூடிய சூழல்களும் உண்டு. அவற்றைப் பின்னால் விளக்குகிறேன்.

முதலில் இந்தக் கருவிகளுக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதாகப் புரியும். இரண்டிலும் ஆக்ஸிலரோமீட்டர் என்ற சிறு சென்சார் இருக்கிறது. கை எந்தத் திசையில், எவ்வளவு வேகமாக அசைகிறது என்பதை அது நொடிக்குப் பல முறை அளக்கிறது. நடக்கும்போது கை சீரான தாளத்தில் முன்னும் பின்னும் வீசப்படுவதால் கிடைக்கும் அலை வடிவத்தைக் கொண்டு உள்ளிருக்கும் நிரல் அடிகளை எண்ணுகிறது. கருவியின் பின்புறத்தில் தெரியும் பச்சை ஒளி நாடித்துடிப்புக்கானது. ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பின்போதும் மணிக்கட்டுத் தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறைவதால் திரும்பி வரும் ஒளியும் குறைந்து கூடுகிறது, அதிலிருந்து துடிப்பு கணக்கிடப்படுகிறது. அசைவு, துடிப்பு ஆகிய இந்த இரண்டையும் சேர்த்துத்தான் நீங்கள் தூங்குகிறீர்களா என்பதைக் கருவி ஊகிக்கிறது. ஸ்மார்ட்வாட்சில் கூடுதலாக இருக்கும் பெரிய திரை, ஒலிபெருக்கி, ஜிபிஎஸ், வைஃபை, செயலிகளை நிறுவும் வசதி ஆகியவை பயனுள்ளவைதாம். ஆனால் அவற்றில் ஜிபிஎஸ் நடந்த தூரத்தைச் சொல்ல உதவுமே தவிர, நீங்கள் கேட்ட இரண்டு கணக்குகளுக்கு அவற்றால் பெரிய ஆதாயம் இல்லை.

அந்தக் கூடுதல் வசதிகளுக்கான விலையைப் பணத்தோடு சேர்த்து மின்கலத்திலும் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆப்பிள் வாட்ச்சின் வழக்கமான மாடல்களுக்கு அந்த நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த கணக்கு 18 மணி நேரம். அது ஐபோனோடுதான் வேலை செய்யும் என்பதால் உங்களுக்கு எப்படியும் பொருந்தாது. ஆண்ட்ராய்டு போன்களுக்கான முழுமையான ஸ்மார்ட்வாட்ச்களில் பலவற்றையும் தினமும், அல்லது ஒன்றரை நாளுக்கு ஒரு முறை சார்ஜ் செய்ய வேண்டும். மறுபுறம், 2024-இல் வந்த சாம்சங் கேலக்ஸி ஃபிட்3 என்ற பேண்டுக்கு 13 நாள் வரை என்று நிறுவனம் சொல்கிறது. இத்தகைய எண்கள் எல்லாம் சிக்கனமான பயன்பாட்டில் கிடைப்பவை. துடிப்பை இடைவிடாமல் அளக்கவும் தூக்கத்தை விரிவாகப் பதிவு செய்யவும் விட்டால் பாதியாகக் குறையலாம். குறைந்தாலும் ஏறத்தாழ ஒரு வாரம் வருகிறது.

தினமும் சார்ஜ் செய்ய வேண்டிய கருவியை எப்போது கழற்றுவீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு சார்ஜில் போட்டால், மறுபடி எடுத்துக் கட்டிக்கொள்ளாமலே படுத்துவிடும் நாட்கள் வரும். அந்த இரவுக்குக் கணக்கு இல்லை. காலையில் எழுந்ததும் சார்ஜில் போட்டால் நடைப்பயிற்சிக் கணக்கு போய்விடும். வேலைக்குப் போகும் இளைஞர் அலுவலக மேசையில் இருக்கும்போது சார்ஜ் செய்துகொள்ளலாம் என்பார். ஓய்வுபெற்றவருக்கு நாள் முழுவதும் சிறு சிறு நடைகளாகப் பரவியிருப்பதால் அப்படி ஒதுக்கிவைக்க ஒரு வேளை எளிதில் அமையாது. வாரத்துக்கு ஒரு முறை குளிக்கப் போகும்போது சார்ஜில் போட்டு, குளியலும் சிற்றுண்டியும் முடிந்ததும் எடுத்துக் கட்டிக்கொள்ளும் பேண்டில் இந்தச் சிக்கல் இல்லை. எடையும் ஒரு காரணம். தூங்கும்போது தடிமனான கடிகாரம் தலையணையிலும் போர்வையிலும் இடித்துக்கொண்டே இருந்தால் சில வாரங்களில் அதைக் கழற்றி வைத்துவிட்டுப் படுக்கத் தொடங்கிவிடுவீர்கள். கழற்றி வைத்த கருவியின் விலை எதுவானாலும் அது தூக்கத்தை அளக்காது.

கடைக்குப் போகும் முன் ஒரு குழப்பத்தை இங்கே தீர்த்துவிட வேண்டும். ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் ரூபாய்க்குச் சதுரமான பெரிய திரையோடு, போனில் வரும் அழைப்பைக் கையிலேயே பேசலாம் என்ற வசதியோடு விற்கப்படுபவையும் ஸ்மார்ட்வாட்ச் என்ற பெயரில்தான் கடைகளில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை உள்ளே ஃபிட்னஸ் பேண்டைப் போன்ற எளிய கருவிகளே, உடல்தான் பெரியது. அந்த வகை வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எழுத்து பெரிதாகத் தெரியும் என்பது அறுபதைக் கடந்தவர்களுக்கு நல்ல வசதி. ஆனால் செலவைக் குறைப்பதற்கு அவற்றில் முதலில் கைவைக்கப்படுவது சென்சாரிலும் நிரலிலும்தான். பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போது அடிகள் ஏறுவதும், மேசையில் கழற்றி வைத்த இரவுக்கு ஏழு மணி நேரத் தூக்கம் காட்டுவதும் அந்த வகையில் அதிகம். அதனால் மகன் ஸ்மார்ட்வாட்ச் என்று எதைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் இருபதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்டதை நினைத்திருந்தால் மேலே சொன்ன மின்கலக் கணக்கு பொருந்தும். இரண்டாயிரம் ரூபாய்க் கருவியை நினைத்திருந்தால், அதோடு இன்னும் கொஞ்சம் போட்டு மூவாயிரத்திலிருந்து ஐயாயிரத்துக்குள் நல்ல பேண்டாக வாங்குவது மேல்.

இனி அடிக்கணக்கு. கருவி எண்ணுவது கால்களின் அசைவை அன்று, கையின் அசைவை என்பதை மறக்காமல் இருந்தால் அதன் தவறுகள் அனைத்தும் புரியும். காய்கறிப் பையைத் தொங்கவிட்டபடி நடந்தால், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தால், பேரக்குழந்தையின் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தால், மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றியபடி ஏறினால் அடிகள் விட்டுப்போகும். மிக மெதுவாக, ஏறத்தாழ மணிக்கு மூன்று கிலோமீட்டருக்குக் குறைவாக நடப்பவர்களுக்கும் கைவீச்சு சிறிதாக இருப்பதால் எண்ணிக்கை குறையும். முழங்கால் வலி உள்ளவர்கள் பலரும் இந்த வகையில் வருவார்கள். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. தேங்காய் துருவுவது, துணி துவைப்பது, பஜனையில் கைதட்டுவது, குண்டும் குழியுமான சாலையில் இருசக்கர வண்டி ஓட்டுவது ஆகியவற்றில் வரும் சீரான அதிர்வைக் கருவி நடையாக எடுத்துக்கொள்ளலாம். இந்தப் பொய் அடிகளைத் தவிர்ப்பதற்காகப் பல கருவிகளின் நிரல், தொடர்ந்து பத்து அடி போலச் சீராக வந்த பிறகே எண்ணத் தொடங்கும். அதன் விளைவாக, கூடத்திலிருந்து சமையலறைக்கு ஆறு அடி, அங்கிருந்து பூஜை அறைக்கு எட்டு அடி என்று வீட்டுக்குள் நடப்பது பெரும்பாலும் கணக்கில் சேராது. நாளெல்லாம் வீட்டில் நடந்தும் எண் ஏறவில்லையே என்று வருந்துபவர்களுக்கு இதுதான் விளக்கம்.

உங்கள் நடைக்கு உங்கள் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை நீங்களே ஒரு காலை நேரத்தில் அளந்துவிடலாம். பேண்டில் காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, வழக்கமான வேகத்தில், வாய்விட்டு எண்ணியபடி சமதரையில் 200 அடி நடந்து நின்று, மறுபடி எண்ணைப் பாருங்கள். சில கருவிகள் எண்ணைச் சற்றுத் தாமதமாகத் திருத்தும். எனவே அரை நிமிடம் காத்திருந்து பார்க்க வேண்டும். 190-க்கும் 210-க்கும் இடையில் ஏறியிருந்தால் கருவி உங்களுக்குச் சரி. பிறகு கையில் பையோடு அதேபோல் ஒரு முறை, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு முறை நடந்து பாருங்கள். பையோடு நடந்தபோது 120 மட்டுமே ஏறியது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பேண்ட் கட்டிய கையில் பை தொங்குகிறது என்று பொருள். பையை மறுகைக்கு மாற்றினால் பெரும்பகுதி சரியாகிவிடும். வலது கைப் பழக்கம் உள்ளவர் பேண்டை இடது கையில் கட்டி, செயலியிலும் இடது கை என்றே குறிப்பிட வேண்டும். அதிகம் வேலை செய்யும் கையின் அசைவுகளைக் கழித்துப் பார்ப்பதற்குச் சில கருவிகள் இந்தத் தகவலைப் பயன்படுத்துகின்றன. கைத்தடி ஊன்றி நடப்பவராக இருந்தால் தடி பிடிக்காத கையில் கட்டிக்கொள்ள வேண்டும். அப்போதும் கணக்கு மிகவும் குறைந்தால், கால்சட்டைப் பையில் போனை வைத்துக்கொண்டு நடந்து போனின் அடிக்கணக்கைப் பார்ப்பது இன்னும் நம்பகமானது, ஏனென்றால் அங்கே அசைவது இடுப்பும் தொடையும்.

எத்தனை அடி நடக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை என்றாலும், பெட்டியிலிருந்து எடுக்கும்போதே பல கருவிகளில் 10,000 என்ற இலக்கு இருப்பதால் அதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த எண் மருத்துவ ஆய்விலிருந்து பிறந்ததன்று. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை அடுத்து, 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானிக்கு ‘பத்தாயிரம் அடி மீட்டர்’ என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரிலிருந்து அது உலகெங்கும் பரவியது. 2019-இல் ஐ-மின் லீ என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் சராசரி வயது 72 ஆன பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களிடம் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. ஏறத்தாழ 7,500 அடிக்குப் பிறகு மேலும் குறையவில்லை. 2022-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த மற்றோர் ஆய்வும் அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு அந்த எல்லை 6,000 முதல் 8,000 அடி வரை என்றே காட்டியது. ஆகவே செயலியைத் திறந்து 10,000 என்ற இலக்கை மாற்றிவிடுங்கள். முதல் வாரம் எந்த இலக்கும் இல்லாமல் வழக்கம்போல் நடந்து சராசரியைப் பாருங்கள். அது 4,200 என்று வந்தால் 4,700 என்று இலக்கு வையுங்கள், இரண்டு வாரம் எளிதாக எட்டிய பிறகு இன்னொரு 500 சேருங்கள். ஐந்நூறு அடி என்பது நிதானமான நடையில் ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல்.

தூக்கக்கணக்கில் நீங்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதிலும் இரவில் எழுந்திருக்கும் பழக்கம் உள்ளவருக்கு இது முக்கியம். மருத்துவமனைத் தூக்கப் பரிசோதனையில் தலையில் ஒட்டப்படும் மின்முனைகள் மூளையலைகளையும், கண்ணருகே ஒட்டப்படுபவை கண்ணசைவையும், தாடையில் ஒட்டப்படுபவை தசை இறுக்கத்தையும் பதிவு செய்கின்றன. மணிக்கட்டில் இருக்கும் கருவிக்கு இவற்றில் எதுவும் தெரியாது. கை அசையாமலும் துடிப்பு தாழ்ந்தும் இருந்தால் தூக்கம் என்றும், அசைந்தால் விழிப்பு என்றும் அது ஊகிக்கிறது. தூங்கிக்கொண்டிருக்கும் ஒருவரைத் தூங்குகிறார் என்று சொல்வதில் இத்தகைய கருவிகள் நன்றாகவே தேறுகின்றன. விழித்தபடி அசையாமல் படுத்திருப்பவரைக் கண்டுபிடிப்பதில்தான் தவறுகின்றன. வயதானவர்களின் தூக்கத்தில் இந்த இரண்டாவது நிலைதான் அதிகம் வருகிறது.

ஓர் இரவை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் பத்து மணிக்கு விளக்கை அணைத்துப் படுக்கிறீர்கள்; தூக்கம் வந்தது 10.40-க்கு. 1.15-க்குச் சிறுநீர் கழிக்க எழுந்து, திரும்பி வந்து 1.30-க்கு மறுபடி தூங்கிவிட்டீர்கள். 3.40-க்கு இரண்டாம் முறை எழுந்து வந்து படுத்த பிறகு தூக்கம் வரவில்லை; கண்ணை மூடியபடி ஏதேதோ நினைத்துக்கொண்டு கிடந்து ஐந்து மணிக்கு எழுந்துவிட்டீர்கள். உண்மையில் தூங்கியது 10.40-இலிருந்து 1.15 வரை 2 மணி 35 நிமிடம், 1.30-இலிருந்து 3.40 வரை 2 மணி 10 நிமிடம், ஆக 4 மணி 45 நிமிடம். பேண்டோ, படுத்துப் பத்து நிமிடத்தில் கை அசைவு நின்றதைப் பார்த்து 10.10-க்கே தூக்கம் தொடங்கியதாக எடுத்துக்கொள்ளலாம். குளியலறைக்கு நடந்து போய்வந்த ஐந்தைந்து நிமிடங்களை மட்டும் விழிப்பாகப் பதிந்து, 3.45-இலிருந்து 5 வரை அசையாமல் கிடந்ததை லேசான தூக்கம் என்று சேர்த்துக்கொண்டால் காலையில் அது 6 மணி 40 நிமிடம் என்று காட்டும். ஏறக்குறைய இரண்டு மணி நேர வித்தியாசம். துடிப்பையும் நன்றாகப் பயன்படுத்தும் கருவிகளில் இந்த வித்தியாசம் குறையும், ஆனால் மறையாது. ஸ்மார்ட்வாட்சும் இதே ஊகத்தைத்தான் செய்கிறது என்பதால், அதை வாங்கினாலும் இந்தத் தவறிலிருந்து தப்ப முடியாது.

அப்படியானால் தூக்கக்கணக்கால் என்ன பயன் என்று கேட்பீர்கள். மொத்த மணிநேரத்தை அப்படியே நம்பாவிட்டாலும் அதில் நம்பத்தகுந்த பகுதிகள் இருக்கின்றன. எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், இடையில் எத்தனை முறை, எந்த நேரத்தில் படுக்கையை விட்டு நடந்தீர்கள் ஆகியவை பெரும்பாலும் சரியாகப் பதிவாகும். முதல் பத்து நாட்களுக்குத் தலைமாட்டில் ஒரு சிறு நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் கடிகாரம் பார்க்க வேண்டாம்; காலையில் எழுந்ததும், பேண்டின் கணக்கைப் பார்ப்பதற்கு முன்பே, உத்தேசமாக எத்தனை மணி நேரம் தூங்கியதாகத் தோன்றுகிறது என்று எழுதிவிட்டுப் பிறகு பேண்டின் எண்ணைப் பக்கத்தில் எழுதுங்கள். கணக்குப் பிரிவில் இருந்தவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை: இரண்டு பத்திகளுக்கும் இடையில் ஏறத்தாழ ஒரே அளவு வித்தியாசம் தொடர்ந்து வந்தால், அதுதான் உங்களுக்கான கழிவு. பேண்ட் சராசரியாக ஒன்றேகால் மணி கூட்டிக் காட்டுகிறது என்று தெரிந்துவிட்டால், அடுத்த மாதம் அது தன் எண்ணில் ஒரு மணி நேரம் குறைத்துக் காட்டும்போது உங்கள் தூக்கம் மெய்யாகவே மாறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆழ்ந்த தூக்கம், லேசான தூக்கம், கனவுகள் அதிகம் வரும் ரெம் தூக்கம் என்று வண்ணப் பட்டைகளாகக் காட்டும் படத்துக்கு அதிக மதிப்புக் கொடுக்காதீர்கள். ஆழ்ந்த தூக்கம் வயதோடு குறைவது இயல்பு; நாற்பது நிமிடம்தான் ஆழ்ந்து தூங்கினீர்கள் என்று கருவி சொல்வதைப் பார்த்துக் கலங்கினால் அடுத்த இரவு வரும் தூக்கமும் கெடும். தூக்கக் கருவியின் எண்களைச் சீராக்க வேண்டும் என்ற கவலையே தூக்கத்தைக் கெடுக்கும் நிலைக்கு 2017-இல் மருத்துவ ஆய்வாளர்கள் ஆர்த்தோசோம்னியா என்று பெயரே வைத்திருக்கிறார்கள். ‘தூக்க மதிப்பெண்’ என்று நூற்றுக்குக் கொடுக்கும் எண்ணையும் ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் கணக்கிடுவதால், உங்கள் எழுபதையும் நண்பரின் எண்பத்தைந்தையும் ஒப்பிடப் பொருளே இல்லை. மதியத் தூக்கம் பற்றியும் ஒரு வார்த்தை: சில கருவிகள் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்த பகல் தூக்கத்தைப் பதிவதே இல்லை. சாப்பிட்டபின் அரை மணி கண்ணயர்பவர் அதைத் தம் நோட்டில்தான் எழுதிக்கொள்ள வேண்டும். இரவு தூக்கம் வரவில்லை என்பதற்கும் அந்த மதியத் தூக்கம் நீண்டுபோனதற்கும் தொடர்பு இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியவரும்.

இரண்டு தடவை எழுந்திருப்பதாகச் சொன்னீர்கள். அதற்குப் புராஸ்டேட் சுரப்பி வீக்கம், சர்க்கரை, நீர் பிரியச் செய்யும் மாத்திரையை மாலையில் எடுத்துக்கொள்வது, பகலில் கால்களில் தேங்கும் நீர், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது என்று பல காரணங்கள் இருக்கக்கூடும். எது என்பதைப் பேண்ட் சொல்லாது. ஆனால் மூன்று வாரங்களுக்கு எந்தெந்த நேரத்தில் எழுந்தீர்கள் என்ற பதிவை மருத்துவரிடம் காட்டினால் அவருக்கு உதவும். குறட்டை பலமாக இருக்கிறது, மூச்சு நின்று திணறி எழுகிறீர்கள் என்று வீட்டில் உள்ளவர்கள் சொன்னாலோ, போதிய நேரம் தூங்கியதாகக் கணக்கு காட்டியும் பகலில் தூங்கி வழிந்தாலோ, பேண்ட் காட்டும் ரத்த ஆக்ஸிஜன் அளவு நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்லித் தூக்கப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். மணிக்கட்டில் எடுக்கப்படும் ஆக்ஸிஜன் அளவு, கை அசைந்தாலும் குளிர்ந்தாலும் வார் தளர்ந்தாலும் மாறிப்போகும்.

மகன் சொல்வது சரியாகும் சூழல்களுக்கு வருகிறேன். நீங்கள் தனியாக வசிப்பவராகவோ, தலைச்சுற்றலால் ஏற்கெனவே விழுந்தவராகவோ இருந்தால், விழுந்ததை உணர்ந்து உதவிக்கு அழைக்கும் வசதிக்காகவே ஸ்மார்ட்வாட்ச் வாங்கலாம். அப்போதும், சிம் வசதி இல்லாத வாட்ச் போனின் வழியாகத்தான் அழைக்கும். போன் கூடத்தில் சார்ஜில் கிடக்க நீங்கள் மொட்டைமாடியில் விழுந்தால் ப்ளூடூத் அவ்வளவு தூரம் எட்டாமல் போகலாம். சில பேண்டுகளிலும் இந்த வசதி வந்துவிட்டது. உங்கள் போனோடு அது முழுமையாக வேலை செய்யுமா என்பதைக் கடையிலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும். மெதுவாகச் சரிந்து உட்கார்ந்தபடி விழுவதை இவை பெரும்பாலும் கவனிப்பதில்லை. இரண்டாவது சூழல், இதயத் துடிப்பு ஒழுங்கற்று வருகிறதோ என்று மருத்துவர் ஐயப்பட்டு, அவ்வப்போது ஈசிஜி எடுத்துப் பார்க்கச் சொல்லியிருப்பது. விரலை வைத்து ஈசிஜி எடுக்கும் வசதி பொதுவாக விலை கூடிய ஸ்மார்ட்வாட்ச்களில்தான் உண்டு. சாம்சங் வாட்ச்சில் அதற்குச் சாம்சங் போனே வேண்டும் என்ற நிபந்தனையையும் மகனிடம் சொல்லிவிடுங்கள். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் எந்தக் கருவியானாலும் முதலில் இதய மருத்துவரைக் கேட்க வேண்டும். உடற்கொழுப்பை அளப்பதற்காக உடலில் மெல்லிய மின்னோட்டம் செலுத்தும் வசதியை அவர் பயன்படுத்தக் கூடாது.

விற்பனையாளர் ரத்த அழுத்தமும் சர்க்கரையும்கூடக் காட்டும் என்று சொன்னால் அதற்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். தோலைத் துளைக்காமல் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் எந்த வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக எச்சரித்தது. ரத்த அழுத்தம் காட்டும் சாம்சங் வாட்ச்களில்கூட, கையில் காற்றுப்பட்டை சுற்றி அளக்கும் கருவியோடு ஒப்பிட்டு, நான்கு வாரத்துக்கு ஒரு முறை சரிசெய்ய வேண்டியிருக்கிறது. அந்த எண்களைப் பார்த்து மாத்திரையைக் கூட்டுவதோ குறைப்பதோ உயிருக்கே ஆபத்து.

பேண்ட் வாங்கும்போது இணையத்தில் படம் பார்த்து முடிவு செய்யாமல், கண்ணாடி அணியாமல் மணி தெரிகிறதா, நடையின்போது வெயிலில் எண் தெரிகிறதா, உங்கள் விரல் பட்டதும் திரை கேட்கிறதா என்று கடையில் கையில் கட்டிப் பாருங்கள். வயதானவர்களின் உலர்ந்த விரல்களுக்குச் சில தொடுதிரைகள் சரியாக இணங்குவதில்லை; பக்கவாட்டில் ஒரு பொத்தான் இருப்பது நல்லது. தமிழில் வரும் குறுஞ்செய்திகள் சில பேண்டுகளில் வெறும் கட்டங்களாகத் தெரியும். உங்களுக்கு அது தேவையில்லை என்றால் போன் அறிவிப்புகள் அனைத்தையும் நிறுத்திவிடலாம், மின்கலமும் மிச்சமாகும். கையைத் திருப்பினால் திரை ஒளிரும் வசதியை இரவு நேரத்துக்கு அணைத்து வையுங்கள். போனில் பேண்டுக்கான செயலிக்கு மின்கலக் கட்டுப்பாடு எதுவும் விதிக்காமல் விட வேண்டும். இல்லாவிட்டால் ஆண்ட்ராய்டு அதைப் பின்னணியில் நிறுத்திவிடும், பேண்ட் கெட்டுவிட்டதாக நீங்கள் நினைப்பீர்கள். நடைக்குப் போனை எடுத்துச் செல்ல வேண்டிய அவசியம் இல்லை. பேண்ட் சில நாள் விவரத்தைத் தன்னிடமே சேமித்துவைத்து, போன் அருகில் வந்ததும் அனுப்பிவிடும்.

வாரை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல்கடை மேலே, அசைத்தால் கருவி வழுக்காத அளவுக்குக் கட்டுங்கள். அழுத்தித் தடம் பதியும் அளவுக்கு இறுக்க வேண்டாம். குளித்தபின் வாருக்கடியில் தங்கும் சோப்பும் ஈரமும்தான் பெரும்பாலான அரிப்புக்குக் காரணம், அதனால் கழற்றித் துடைத்து, தோல் உலர்ந்த பிறகு கட்டுங்கள். பெட்டியையும் ரசீதையும் எறியாமல் வைத்திருந்து, கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளும் காலத்துக்குள் 200 அடிச் சோதனையைச் செய்துவிடுங்கள். ஓர் இரவு பேண்டைக் கழற்றி மேசைமேல் வைத்தும் பாருங்கள். காலையில் நீங்கள் தூங்கியதாக அது காட்டினாலோ, கைவீசி நடந்த 200 அடியில் இரண்டு மூன்று முறையும் 180-க்குக் கீழே எண்ணினாலோ, அதைத் திருப்பிக் கொடுத்து வேறொன்று வாங்கிக்கொள்ளுங்கள்.